ஒரே தப்பு, இரண்டு குழி

எங்கள் பழைய தோல் தொழிற்சாலைக்குச் சமீபத்தில் ஒருநாள் போயிருந்தேன். நான் உட்கார்ந்த அறையில் இப்போது ஒரு இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. பின்னால் சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டியிருந்தாள். இடப்பக்கம் குற்றம், வலப்பக்கம் தண்டனை. தாமதமாக வந்தால் இது, தூங்கினால் இது, கைகலப்பு என்றால் இது.

"உங்க காலத்துல இதெல்லாம் இல்லன்னு சொல்றாங்களே சார். அப்ப எப்படி முடிவு பண்ணீங்க? மனசுக்குத் தோணினபடியா?" என்று கேட்டாள்.

தோன்றியபடிதான் ஆரம்பிப்போம், ஆனால் அதோடு முடிக்க மாட்டோம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் நின்றுகொண்டே விளக்கத் தெரியவில்லை. தத்துவம் கற்பிக்கும் என் மருமகனிடம் பிறகு இதைச் சொன்னபோது, "மாமா, நீங்க பண்ணதுக்குப் பெரிய பேரே இருக்கு" என்றார். மறுசிந்தனைச் சமநிலை என்று தமிழில் சொல்லலாமாம். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் அந்த நாளில் அதைப் 'பலகை பாக்கறது' என்போம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலூர்க்காரன். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பி.ஏ. முடித்து, தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமா வாங்கி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் வாணியம்பாடியில் அந்தத் தொழிற்சாலையின் லேபர் ஆபீசில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்கத் தோல் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் பசித்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

லேபர் மேனேஜர் கலீல் சாயபு. உயரமான மனிதர், குரல் மட்டும் சின்னது. தொழிலாளி மேல் புகார் வந்தால் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்போம்: சாயபு, நான், யூனியன் சார்பில் பெருமாள். பெருமாள் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். ஊறப்போட்ட தோலை இடுக்கியால் தூக்கித் தூக்கி அவருடைய தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ஆட்சேபம் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

அந்த அறையில் நான்கு நாற்காலிகளும் ஒரே உயரம். நான்காவது, விசாரணைக்கு வந்தவருக்கு. 'கைதிக்கு நாற்காலியா?' என்று மேஸ்திரிகள் சிரித்ததுண்டு. சாயபு காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேநீரைச் சாசரில் ஊற்றி, ஊதாமல், ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். தொப்பி மேசையில் இருந்தால் அன்றைக்குத் தீர்ப்பு கிடையாது.

"இன்னைக்கு நான் பேசல, என் கோபம் பேசும். அது பேசறத நான் ஏன் கேக்கணும்? நாளைக்கு வாங்க," என்பார்.

அதேபோல, எங்களில் யாருக்காவது அந்த ஆளோடு உறவோ, பகையோ, லாப நஷ்டமோ இருந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பசியோடு உட்காரக் கூடாது. காதில் விழுந்த பாதிக் கதையை வைத்துப் பேசக் கூடாது. இவ்வளவையும் கழித்துவிட்டு, ஆறிய மனதோடு மறுநாள் பார்க்கும்போதும் 'இது தப்பு', 'இது தப்பில்லை' என்று எது உறுதியாக நிற்கிறதோ, அதைத்தான் கணக்கில் எடுப்போம். மற்றதெல்லாம் வெறும் உணர்ச்சி.

அறையில் ஒரு கரும்பலகை உண்டு. ஒரு வழக்கை முடித்ததும், எந்த விதிப்படி முடித்தோம் என்று சாக்பீசால் அதில் எழுதுவேன். காகிதத்தில் எழுதலாமே என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"காகிதத்துல எழுதினா அழிக்க மனசு வராது தேவசகாயம்," என்றார் சாயபு.

எங்கள் முறை எப்படி உருவானது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 'தொழிற்சாலைப் பொருளை வெளியே கொண்டுபோனால் வேலைநீக்கம்' என்று நான் எழுதியிருந்தேன். படிப்புச் சூட்டில் இருந்தவன், எனக்கு விதிகள் பிடிக்கும். ஒருநாள் ஒரு தொழிலாளி வெட்டிப்போட்ட தோல் துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது பிடிபட்டார். மகள் செருப்பு அறுந்துவிட்டதாம். குப்பைக்குப் போகிற துண்டு. இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தோம்; இதற்காக அவரை வேலையை விட்டு அனுப்புவது தப்பு என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமே இல்லை. அப்படியானால் விதியில் கோளாறு. 'தொழிற்சாலைக்குத் தேவைப்படும் பொருளை' என்று மாற்றினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

பெருமாள் விடவில்லை. "அப்ப மேஸ்திரி குப்பைத் துண்டையெல்லாம் வண்டியில ஏத்தி வஜ்ஜிரப் பசை காய்ச்சறவன்கிட்ட வித்தா? அதுவும் குப்பைதானே. உங்க விதிப்படி அது சரியா?"

சரியில்லை என்று உடனே தெரிந்தது. ஆனால் ஏன் சரியில்லை என்பதைச் சொல்ல அன்று மாலைவரை ஆனது. கடைசியில் 'தொழிற்சாலை கழித்ததைச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம், வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது' என்று வந்து நின்றோம். எழுதியதும் இன்னும் சில பழைய வழக்குகளை அதில் வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. சாயபு தேநீர் வரவழைத்தார்.

ஆக, விதி வளைந்தது. 'அப்ப நீங்க நினைச்சதுக்குத் தோதா விதிய வளைச்சுக்கிட்டீங்க, அவ்வளவுதானே சார்?' என்று அந்தப் பெண் கேட்கக்கூடும். இல்லை. சில சமயம் நாங்கள் வளைந்தோம். ஆபீஸ் கிளார்க் தாமதமாக வந்தால் 'பாவம், பஸ் கிடைக்கலையாம்' என்று விட்டுவிடுவோம். குழி வேலைக்காரர் தாமதமாக வந்தால் 'சோம்பேறி' என்போம். இரண்டும் ஆறிய மனதில் தோன்றியவைதான். பெருமாள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். வேறுபாடு என்ன என்று தேடினோம். வேலை? தூரம்? சம்பளம்? எதைச் சொன்னாலும் அது வேறொரு இடத்தில் எங்களையே மடக்கியது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான்: ஒருவர் எங்கள் தெருவில் இருப்பவர், இன்னொருவர் சேரியில் இருப்பவர். அதை வாய்விட்டு ஒரு விதியாகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. சொல்ல முடியாத காரணத்தில் நிற்கிற எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான். அன்றைக்கு விதி அப்படியே இருந்தது, நாங்கள் மாறினோம். கிளார்க்குகள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

விதியிலிருந்து வழக்குக்குப் போவது, வழக்கிலிருந்து விதிக்குத் திரும்புவது, எது இடிக்கிறதோ அதைக் கேள்வி கேட்பது. இரண்டில் எது முதலாளி என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வதில்லை. எதை விட்டுக்கொடுத்தால் மிச்சமுள்ளதெல்லாம் நன்றாகச் சேர்ந்து நிற்கிறதோ, அதை விட்டுக்கொடுப்பது. இதைத்தான் 'பலகை பாக்கறது' என்போம்.

இனி எல்லப்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

சுண்ணாம்புக் குழிகள் வரிசையாகத் தரையோடு தரையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஆள் மூழ்கும் ஆழம். தோலில் உள்ள முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். குழியை விட்டு நகரும்போது மேலே மரப்பலகைகளை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். கண்டிப்பான விதி. அந்த வருடம் கோடையில் அன்வர் என்ற தொழிலாளி சாப்பாட்டு மணி அடித்ததும் குழியை மூடாமல் போய்விட்டார். சூபர்வைசர் பார்த்துவிட்டார். ஒரு வாரம் வேலையில்லை என்று தீர்ப்பளித்தோம். அன்வரும் சலாம் போட்டு ஏற்றுக்கொண்டார்.

அடுத்து மழைக்காலம். எல்லப்பன் என்ற இன்னொரு குழி வேலைக்காரர் அதே மணிக்கு, அதே வரிசையில், அதே தப்பைச் செய்தார். கூடை சுமக்கும் வேலை செய்த ராஜம்மா, தோல் பதனிடும் ஆவாரம்பட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அந்த வழியாக வந்தாள். கூடை இருந்தால் காலடி தெரியாது. உள்ளே விழுந்துவிட்டாள்.

பெருமாளும் இன்னும் இருவரும் குதித்துத் தூக்கினார்கள். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "கண்ணு எரியுது சார், கண்ணு எரியுது சார்" என்று மட்டும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். உயிர் பிழைத்தாள். இடக்கண் போய்விட்டது.

தொழிற்சாலையே எல்லப்பனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிக் கொதித்தது. சாயபுவின் தொப்பி பல நாள் மேசைமேலேயே இருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த அன்று விசாரணை. எல்லப்பன் நாற்காலியில் உட்காரவே இல்லை, சுவரோடு நின்றார். செய்ததை ஒத்துக்கொண்டார். அவரை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் பேசினோம்.

நான்தான் முதலில் சொன்னேன். "அன்வர் பண்ணதும் இதுதான், எல்லப்பன் பண்ணதும் இதுதான். ஒரே தப்புக்கு ஒரே தண்டனை. ஒரு வாரம்."

சாயபு தலையை ஆட்டினார். "கோபம் போயிடுச்சு தேவசகாயம். நல்லாத் தூங்கினேன், நல்லாச் சாப்ட்டேன். இருந்தும் ரெண்டும் ஒண்ணுன்னு என்னால சொல்ல முடியல. ஒரு பொம்பளைக்குக் கண்ணு போயிருக்கு."

எங்கள் வழக்கப்படி, ஆறிய பின்னும் நிற்கிற எண்ணத்தை ஒதுக்க முடியாது. எனக்குள்ளும் அது இருந்தது. அப்படியானால் என் விதி தப்பா? பலகையில் அழித்துவிட்டு எழுதினேன்: 'விளைந்த கேட்டைப் பொறுத்துத் தண்டனை.'

பெருமாள் உடனே குறுக்கே வந்தார். "எல்லப்பன் பலகை போட்டுட்டுத்தான் போனார்னு வச்சுக்குங்க. பலகை உள்ளார உளுத்துப்போய் இருந்துச்சு, மேல தெரியல. ராஜம்மா கால் வச்சா, உடைஞ்சு விழுந்துட்டா. அதே கண்ணு போச்சு. எல்லப்பன அனுப்புவீங்களா?"

மாட்டோம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேடு மட்டும் போதாது. 'தப்பும் வேண்டும், கேடும் வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் தண்டனை ஜாஸ்தி' என்று எழுதினேன். இது சாயபுவுக்குப் பிடித்தது. கொஞ்ச நேரம் எல்லாம் பொருந்தியது போலத்தான் இருந்தது.

நானேதான் அதைக் கெடுத்தேன். "சாயபு, அன்வர் குழியும் எல்லப்பன் குழியும் பக்கத்துப் பக்கத்துல. ரெண்டுமே ஒரே மத்தியானம் திறந்து கிடந்ததுன்னு நினைச்சுக்குங்க. ராஜம்மா இந்தப் பக்கம் கால் வச்சா எல்லப்பன் வேலை போகும். அந்தப் பக்கம் வச்சா அன்வர் வேலை போகும். அவ கால் எந்தப் பக்கம் போகுதுங்கறத வச்சு ஒருத்தன் குடும்பத்த வீதிக்கு அனுப்பலாமா?"

சாயபு தேநீரைச் சாசரில் ஊற்றினார். அது முழுக்க ஆறி, மேலே ஏடு படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடாது," என்றார் கடைசியில். "ஆனா ரெண்டும் ஒண்ணுன்னும் சொல்ல முடியல. ரெண்டுமே என்கிட்ட கெட்டியா இருக்கு. ஒண்ணையும் விட முடியல."

அப்படியே விட்டுவிட்டுக் கலைந்தோம். அன்று மாலை வாசலில் என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்:

"தேவசகாயம், இந்த விஷயத்துல என் பேச்ச பாதிக்கு எடுத்துக்குங்க. நீங்க வர்றதுக்கு முன்னால, பட்டை அரைக்கற மில்லுல கண்ணையான்னு ஒருத்தர் இருந்தார். சிக்கினத எடுக்கறதுக்காக பெல்ட் மூடியக் கழட்டினார், திரும்ப மாட்டல. கூட இருந்தவனுக்கு விரல் போச்சு. கண்ணையாவ நான்தான் அனுப்பினேன். மூடியக் கழட்டாதவன் அந்த மில்லுல எவனும் இல்ல. எல்லப்பன விட்டுட்டா, கண்ணையாவுக்கு நான் செஞ்சது என்னாகும்? அதனாலதான் விட மாட்டேங்கறேனோ, இல்ல நியாயமாவே அப்படித் தோணுதோ, எனக்கே தெரியல. அதனால என்ன நம்பாதீங்க."

என் வாழ்க்கையில் எந்த அதிகாரியும் தனக்குக் கீழ் வேலை செய்கிறவனிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் இதையே பெருமாளிடமும் சொன்னார். நான் வெளியே போய்விடுகிறேன், நீங்கள் இருவர் முடிவெடுங்கள் என்றார். பெருமாள்தான் வேண்டாம் என்றார்.

"நீங்க சொல்லிட்டீங்கல்ல, போதும். எங்களுக்கும் அதே தோணுதே சாயபு. கண்ணையா விஷயத்துல எங்க கை இல்லியே. அப்ப அதுல ஏதோ இருக்கு. என்னன்னுதான் தெரியணும்."

அந்த 'என்ன' என்பதைச் சொன்னவள் ராஜம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவளை அழைத்தோம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாயபுவையே நேராகப் பார்த்தாள்.

"எல்லப்பன என்னா பண்ணலாம்னு நீ நினைக்கற?" என்று கேட்டார் சாயபு.

"அவன அனுப்பிட்டா எனக்கு இன்னா வரப்போவுது? அவன் பொண்டாட்டி என் தெருவுலதான் இருக்கா. அவ புள்ளைங்க பட்டினி கிடக்கறத இந்த ஒத்தக் கண்ணால பாக்கணுமா?"

"அப்ப அன்வருக்குக் கொடுத்த மாதிரி ஒரு வாரம் போதுமா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வாரம் வீட்ல தூங்கிட்டு வந்து, அன்வர் அண்ணங்கூட டீ குடிச்சிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி என் முன்னாலயே நடப்பானா? அன்வர் அண்ணன் எனக்கு ஒண்ணும் பண்ணல. இவன் பண்ணிருக்கான். இவன் என் மூஞ்சிய நிமுந்து பாக்கணும். நான் கூடை தூக்க முடியாம நிக்கறப்ப இவன் எங்க இருப்பான்னு கேக்கறேன்."

அவள் போகும்வரை காத்திருந்தோம். பிறகு நான் எழுந்து பலகை முழுவதையும் அழித்தேன்.

நாங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தோம். 'எவ்வளவு தண்டனை?' என்பது ஒன்று. 'யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறான்?' என்பது வேறு. அன்வர் விஷயமும் எல்லப்பன் விஷயமும் ஒன்றல்ல என்று எங்கள் மனம் அடித்துச் சொன்னதே, அது உண்மைதான். ஆனால் அது தண்டனையைப் பற்றிச் சொல்லவில்லை. ராஜம்மாவைப் பற்றிச் சொன்னது. நாங்கள் அதைத் தவறான இடத்தில் வைத்திருந்தோம்.

எழுதினேன்: 'தண்டனை, அவன் கையில் இருந்ததைப் பொறுத்து. ஈடு, அதனால் விளைந்ததைப் பொறுத்து.'

அன்வரை வைத்துப் பார்த்தோம். தண்டனை உண்டு, ஈடு இல்லை. பொருந்தியது. எல்லப்பனுக்கு அதே தண்டனை, ஈடு உண்டு. பொருந்தியது. பக்கத்துப் பக்கத்துக் குழி. ராஜம்மாவின் கால் எந்தப் பக்கம் போனாலும் யார் வேலையும் போகாது, ஆனால் அவளுக்கு யார் கடமைப்பட்டவர் என்பது மாறும். அதுவும் பொருந்தியது. சாயபு கெட்டியாகப் பிடித்திருந்த இரண்டு எண்ணங்களும் ஒரே பலகையில், ஒன்றை ஒன்று இடிக்காமல் நின்றன.

"இப்ப அந்த உளுத்த பலகை," என்றார் பெருமாள்.

எல்லப்பனுக்குத் தண்டனை இல்லை. ஆனால் ராஜம்மாவின் கண் போனது போனதுதானே. ஈடு யார் தருவது? உளுத்த பலகையைக் கொடுத்தது யார்?

"தொழிற்சாலை," என்றார் சாயபு மெதுவாக.

பெருமாள் அங்கேயும் நிற்கவில்லை. "சரி. இப்ப நிஜமா நடந்ததுக்கு வருவோம். கையில இருந்ததப் பொறுத்துன்னு எழுதியிருக்கீங்க. எல்லப்பன் கையில என்ன இருந்துச்சு? அந்த வரிசைக்குப் போதுமான பலகை இருந்துச்சா? மழை வந்தா தள்ளுவண்டி போறதுக்குச் சேத்துல பலகை போடச் சொல்றது யாரு?"

போய்ப் பார்த்தோம். குழிகளின் பலகைகள் பாதி சேற்றில் கிடந்தன, வண்டிச் சக்கரத் தடத்தோடு. சூபர்வைசர் உத்தரவு. எல்லப்பன் விசாரணையில் இதைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ராஜம்மா அங்க அப்படிக் கிடக்கறப்ப, பலகை இல்லன்னு சொல்ல வாய் வரல சார்," என்றார். ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம், மணி அடித்துவிட்டது, போய்விட்டேன், அதுவரைக்கும் என் தப்பு என்றார்.

ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகியது. அன்வருக்குக் கொடுத்தது கோடையில்; பலகைகள் அப்போது குழியோரமே இருந்தன. எனவே அன்வருக்கு ஒரு வாரம் என்றால் எல்லப்பனுக்கு அதைவிடக் கம்மி! முழுத் தொழிற்சாலையும் வேலைநீக்கம் கேட்ட ஆளுக்கு, அன்வரைவிடக் குறைவான தண்டனை. ஆரம்பத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் பலகையில் இருந்த ஒவ்வொரு வரியும் எங்களை அங்கேதான் கொண்டுபோய் விட்டது. எந்த வரியை அழிக்கலாம் என்று மாறி மாறிப் பார்த்தோம். எதை அழித்தாலும் அதைவிட உறுதியான ஏதோ ஒன்று உடைந்தது. ஏற்றுக்கொண்டோம். மூன்று நாள்.

முதலாளியிடம் சொல்லப் போனது சாயபு. கதவு சாத்தியிருந்தது; இருந்தும் முதலாளியின் குரல் வெளியே வரை கேட்டது. சாயபுவின் குரல் கேட்கவில்லை, அது எப்போதுமே கேட்காது. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொன்னார்?"

"என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பறேன்னார். அனுப்புங்க, ஆனா போறதுக்கு முன்னால ஒரு கேள்வின்னேன். 'உங்க கார் பிரேக் சரியில்லாம டிரைவர் ஒருத்தர் மேல ஏத்திட்டா, டிரைவரை மட்டும் அனுப்பிட்டு நீங்க நிம்மதியா இருப்பீங்களா?'ன்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் கத்த ஆரம்பிச்சார்." கொஞ்சம் சிரித்தார். "கத்தி முடிச்சதும் பலகைக்குக் கீல் போடச் சொல்லிட்டார்."

குழியோடு சேர்த்துக் கீல் வைத்த மூடிகள் வந்தன. யாரும் இனி அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ராஜம்மாவுக்குச் சட்டப்படி வரவேண்டியது வந்தது. தோல் தரம்பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் வேலையும் கொடுத்தார்கள். எல்லப்பன் என்ன செய்வது என்பதை நாங்கள் சொல்லவில்லை. அவளிடமே கேட்டுக்கொள்ளும்படி எல்லப்பனிடம் சொன்னோம். எல்லாத் தொழிலாளிகளும் பார்க்க அவர் கொட்டகை வாசலில் போய் நின்றார். அவள் அவரை நிற்க வைத்தே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருக்கிறது, மேடு பள்ளம் தெரியவில்லை, இனிமேல் என் வீட்டுத் தண்ணீர் நீதான் கொண்டுவர வேண்டும் என்றாள். கொண்டுவந்தார், வருடக்கணக்காக. "மன்னிச்சிட்டியா?" என்று பின்னால் ஒருமுறை அவளைக் கேட்டேன். "தண்ணி கொண்டாறான். அவ்ளோதான்," என்றாள்.

மிஞ்சியது கண்ணையா. அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாயபுவே ஒருநாள் காலையில் கரும்பலகையைக் காட்டி, "இது எல்லப்பனுக்கு மட்டும்னு எழுதியிருக்கா?" என்றார்.

இல்லை.

"அப்ப வாங்க."

கண்ணையா நாட்றம்பள்ளியில் சைக்கிள் கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது. நான், சாயபு, பெருமாள் மூவரும் பஸ்ஸில் போனோம். ஒரு சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். சாயபுவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு ஏன் எழுந்தோம் என்று தோன்றியது போல மறுபடி உட்கார்ந்தார்.

சாயபு சுற்றி வளைக்கவில்லை. "கண்ணையா, மூடியக் கழட்டினது உன் தப்பு. அதுக்கு மத்தவங்களுக்கு நான் என்ன கொடுத்தேனோ அததான் உனக்கும் கொடுத்திருக்கணும். வேலைய விட்டு அனுப்பினது என் தப்பு. வேலை இருக்கு, வா."

கண்ணையா சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது ஆடுகிறதா என்று பார்த்தார்.

"வேலை வேணாம் சாயபு. கடை நல்லாதான் போவுது," என்றார். எங்கள் முகம் வாடிவிட்டது. விரல் போன அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று சாயபு கேட்டார். ஆம்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது என்று பெருமாள் சொன்னார். "வருசா வருசம் பொங்கலுக்கு வந்து பாத்துட்டுப் போறான், நானும் கையில இருக்கறதக் கொடுத்தனுப்புவேன்," என்றார் கண்ணையா. எங்களுக்கே தெரியாமல், யாரும் சொல்லாமல், ஈடு ஒருபக்கம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"அப்ப உனக்கு நாங்க என்ன செய்யணும்?" என்றார் சாயபு.

கண்ணையா மறுபடி சக்கரத்தைச் சுற்றினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார். "என் மாமனார் பக்கத்துத் தெருவுலதான் இருக்கார். திருடினதுக்காகத்தான் என்ன அனுப்பினாங்கன்னு அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. நான் சொன்னா நம்பல. பொண்ணு வீட்டுக்கு வர்றதில்ல. எம் பொண்டாட்டி போனா வாசல்லயே பேசி அனுப்பிடறார். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்றீங்களா?"

சாயபு அங்கேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓட்டு வீடு. வயதான மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணையா தெருவிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. சாயபு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நின்றபடியே, அந்தச் சின்னக் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்திப் பேசினார்:

"நான்தான் உங்க மருமகன வேலைய விட்டு அனுப்பின மேனேஜர். அவர் திருடல. அவர அனுப்பினது தப்பு. அந்தத் தப்ப நான் பண்ணேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர் கட்டிலை விட்டு மெதுவாக இறங்கி, எங்களைத் தாண்டி, தெருவில் நின்ற மருமகனிடம் போனார். கண்ணையாவின் கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நெரிசல். சாயபு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாணியம்பாடி நெருங்கியது. பிறகு குனிந்து என் காதருகில் சொன்னார்.

"ஈடு, அதனால் விளைந்ததைப் பொறுத்துன்னு எழுதினோமே. விளைஞ்சது வேலை போனதுன்னு நாமளா நினைச்சிக்கிட்டு வேலைய எடுத்துக்கிட்டுப் போனோம். அவருக்குப் போனது வேற. அத அவர்தான் சொல்லணும், நாம இல்ல. பலகையில அந்த வரிய மாத்தணும் தேவசகாயம்."

"நாளைக்கு மாத்திடறேன் சாயபு."

"நாளைக்கு வேணாம்," என்றார் பெருமாள் பின்னாலிருந்து. "எனக்கு அதுல ஒரு ஆட்சேபம் இருக்கு."

சாயபு அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.